"நமக்குத்தான் பரம்பரை இருக்கே!" - கொரெல்லியும் எட்டயபுரமும்

கர்நாடக சங்கீத ரசிகர்கள்கிட்ட பரோக் இசையைப் பத்திப் பேச்செடுத்தா ஒரு வசனம் தவறாம வந்து விழும். "வெள்ளைக்காரனுக்கு பரம்பரை அறுந்துபோச்சு. அதனாலதான் பழைய புத்தகத்தைத் தோண்டி, பழைய வயலினைத் தூசி தட்டி, பாக் எப்படி வாசிச்சார், விவால்டி எப்படி வாசிச்சார்னு ஆராய்ச்சி பண்ணிட்டு இருக்கான். நமக்கு அந்தத் தொல்லை இல்ல. நமக்குத்தான் குரு-சிஷ்ய பரம்பரை இருக்கே!"

கேக்குறதுக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா இது சுத்த ஜல்லி. ஏன்னு விளக்கத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீ போட்டு எடுத்துட்டு வந்து உக்காருங்க.

முதல்ல சண்டை என்னன்னு சொல்லிடறேன். சுமாரா 1600-லேர்ந்து 1750 வரைக்கும் ஐரோப்பாவுல உருவான இசையைத்தான் பரோக்னு சொல்றாங்க. கொரெல்லி, விவால்டி, ஹாண்டெல், பாக் எல்லாம் இந்தக் கணக்குல வருவாங்க. இருபதாம் நூற்றாண்டுல இவங்க இசையை பெரிய ஆர்க்கெஸ்ட்ரா, எஃகுக் கம்பி, பியானோன்னு புதுக் கருவிகள்ல வாசிச்சுட்டு இருந்தாங்க. "அந்தக் காலத்துல இப்படி இல்லையேய்யா"ன்னு ஒரு கோஷ்டி கிளம்புச்சு. 1915-லயே ஆர்னல்ட் டால்மெட்ச் இதைப் பத்தி ஒரு புத்தகம் எழுதினார். ஹார்னன்கோர்ட், லியோன்ஹார்ட் ரெண்டு பேரும் 1971-ல ஆரம்பிச்சு, பாக்கோட சர்ச் கான்டாட்டாக்களை பழைய கருவிகள்ல கிட்டத்தட்ட இருபது வருஷம் பதிவு பண்ணாங்க. அப்புறம் இது ஒரு இயக்கமாவே ஆகிப்போச்சு. எந்தக் கருவி, எவ்வளவு அலங்காரம், என்ன வேகம்னு மூணு கேள்வி. இன்னி வரைக்கும் அடிச்சுக்கிறாங்க.

என் கட்சியை இப்பவே சொல்லிடறேன். பழைய கருவியில வாசிச்சா அதுதான் ஒரிஜினல்னு சொல்றவங்க கட்சியில நான் இல்ல. பரம்பரை இருக்கு, புத்தகம் எதுக்குன்னு சொல்றவங்க கட்சியிலயும் இல்ல. தாள்ல என்ன எழுதலைன்னு தேடற வேலையிலேர்ந்து யாருக்கும் விலக்கு கிடையாது. ஐரோப்பாவுக்கும் இல்ல, எட்டயபுரத்துக்கும் இல்ல.

வெள்ளைத் தாள்

கொரெல்லி 1700-ல பன்னிரண்டு வயலின் சொனாட்டாக்களை வெளியிட்டார். ஓப்பஸ் 5. ஐரோப்பா முழுக்க வயலின் கத்துக்கிறவங்களுக்கு நம்ம வர்ணம் மாதிரி அது. அதுல மெதுவா வர்ற அடாஜியோ பகுதிகளை எடுத்துப் பார்த்தீங்கன்னா ஏமாந்து போவீங்க. ஒரு வரிக்கு நாலஞ்சு நீளமான ஸ்வரம், அவ்வளவுதான். ஸ்வரம் மட்டும் கத்துக்கிட்ட சின்னப் பையன்கூட வாசிச்சுடலாம்.

இப்ப 1710-க்கு வாங்க. ஆம்ஸ்டர்டாம்ல எஸ்டியன் ரோஜர்னு ஒரு பதிப்பாளர் அதே சொனாட்டாக்களை மறுபடி அச்சடிச்சார். முதல் ஆறு சொனாட்டாவுல இருக்கிற மெதுவான பகுதிகளுக்கு மட்டும் கூடுதலா ஒரு வரி. "கொரெல்லி தானே வாசிக்கிற மாதிரி"ன்னு விளம்பரம் வேற! அந்த வரியைப் பார்த்தா தலை சுத்தும். ரெண்டு நீளமான ஸ்வரத்துக்கு நடுவுல பத்து, பதினைஞ்சு சின்ன ஸ்வரங்கள் ஏறி இறங்கி ஓடும். அதுல பல ஓட்டங்கள் தாளக் கணக்குக்குள்ள துல்லியமா அடங்காது. வாசிக்கிறவங்கதான் இழுத்துப் பிடிச்சு அடுத்த தட்டுக்கு வந்து சேரணும்.

கொரெல்லி அப்ப உயிரோடதான் இருந்தார், 1713-லதான் இறந்தார். இருந்தும் அப்பவே சந்தேகம் வந்துடுச்சு. இங்கிலாந்துல ரோஜர் நார்த்னு ஒரு இசை எழுத்தாளர், இவ்வளவு பெரிய ஆளோட இசையில இந்தக் குப்பை எப்படிப் புகுந்துச்சுன்னு அருவருப்பாவே எழுதி வச்சார். பதிப்பாளர் விடலை. சந்தேகம் இருக்கிறவங்க என் கடைக்கு வாங்க, கொரெல்லியோட மூலத்தையும் கடிதங்களையும் காட்டறேன்னு அறிவிச்சார். கமெண்ட் எழுதாத கோடை எழுதினவர் ஊர்ல இல்லாதப்ப, அது என்ன பண்ணுதுன்னு டீம் அடிச்சுக்கிற மாதிரிதான் :-)

இதுலேர்ந்து ரெண்டு விஷயம் உறுதி. "எழுதினதை எழுதின மாதிரி வாசி, அதுதான் மூலத்துக்கு மரியாதை"ங்கிற வாதம் இங்க செல்லாது. எழுதினதை மட்டும் வாசிச்சா கொரெல்லியோட சமகாலத்து ஆள் யாரும் அதை முழுப் பாட்டுன்னு ஒத்துக்கிட்டிருக்க மாட்டான். ஆனா 1710-ல அச்சானதை ஸ்வரம் விடாம மனப்பாடம் பண்ணி வாசிக்கிறதும் தப்புதான். மேடையில அப்பப்ப பிறக்கவேண்டிய ஒண்ணை ஃபோட்டோ எடுத்து மாட்டின மாதிரி ஆயிடும்.

அப்ப நல்ல அலங்காரத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது? காதுக்கு ஒரு சோதனை இருக்கு. கீழ மந்திர வரி எங்கெல்லாம் ஸ்வரம் மாறுதோ, அந்த இடத்துல மேல வயலின்ல கொரெல்லி எழுதின மூல ஸ்வரம் கேக்குதான்னு பாருங்க. நடுவுல எவ்வளவு ஓடினாலும் சரி, அந்தக் கம்பத்தைத் தொட்டுட்டுப் போனா வாசிக்கிறவர் பாட்டைப் புரிஞ்சு அலங்கரிக்கிறார். கம்பத்தையே தாண்டிக் குதிச்சா விரல் வேகத்தைக் காட்டறார், அவ்வளவுதான். திரும்ப வர்ற பகுதியில முதல் தடவை வாசிச்ச அதே ஓட்டம் அச்சு அசலா வந்துச்சுன்னா அது நெட்டுரு.

எட்டயபுரத்து நெளிகோடு

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். ஒத்தக்கடையிலேர்ந்து மதுரையைச் சுத்தி தூத்துக்குடி ரோட்டைப் பிடிச்சா, அருப்புக்கோட்டை தாண்டி எட்டயபுரம். பாரதி ஊர்னுதான் நமக்குத் தெரியும். முத்துஸ்வாமி தீட்சிதர் 1835-ல இறந்ததும் இங்கதான். அவர் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் எட்டயபுரம் சமஸ்தான வித்வானா இருந்தார். சென்னையில மணலி முதலியார் ஆதரவுல இருந்த காலத்துல ஒரு ஐரோப்பியர்கிட்ட வயலின் கத்துக்கிட்டவர் இவர். கர்நாடக இசைக்குள்ள வயலின் வந்த கதையில முதல் பெயர்கள்ல ஒண்ணு இவரோடது.

பாலுஸ்வாமியோட மகள் வயித்துப் பேரனும் சுவீகாரப் புத்திரனுமான சுப்பராம தீட்சிதர், 1904-ல எட்டயபுரத்துலயே ஒரு பெரிய புத்தகத்தை தெலுங்கு லிபியில அச்சடிச்சார். 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'. தீட்சிதர் கிருதிகளை ஸ்வரப்படுத்தினது மட்டுமில்லாம, ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் என்ன கமகம்னு குறியீடு போட்டிருக்கார். கம்பிதத்துக்கு மேல ஒரு நெளிகோடு. ஜாருவுக்குச் சாய்ஞ்ச கோடு. அப்புறம் நொக்கு, ரவை, வளி, ஒடுக்கல், ஒரிகைன்னு தனித்தனி அடையாளம். எல்லாமே வீணையில விரல் எப்படிப் போகணும்ங்கிற கண்ணோட்டத்துல விளக்கினது.

பாக் 1720-ல தன் மூத்த பையனுக்கு ஒரு பாட நோட்டு ஆரம்பிச்சார். அதுல எந்த அலங்காரக் குறிக்கு எப்படி வாசிக்கணும்னு ஒரு சின்ன அட்டவணை இருக்கு. சுப்பராம தீட்சிதர் பண்ணதும் அதே வேலைதான், இன்னும் விரிவா. ரெண்டுக்கும் எல்லையும் ஒண்ணேதான். நெளிகோடு போட்டா கம்பிதம்னு தெரியுது. எத்தனை அசைவு, எவ்வளவு அகலம், எந்த ஸ்வரத்தைத் தொட்டுட்டு வரணும்? கோடு சொல்லாது. பாக்கோட குறியும் எத்தனை தடவை அசைக்கணும்னு சொல்லாது.

இப்ப "நமக்குப் பரம்பரை இருக்கே" கோஷ்டிகிட்ட ஒரு கேள்வி. 'வாதாபி கணபதிம்' தெரியாதவங்க கிடையாது. எங்க ஒத்தக்கடை கல்யாண மண்டபங்கள்ல நாகஸ்வரக்காரர் அதை வாசிச்சாத்தான் பந்தியே களைகட்டும். பிரதர்சினியைத் திறந்து பாருங்க. இன்னிக்கு மேடையில அடுக்கடுக்கா ஏறுற சங்கதி வரிசை அங்க இல்ல. மகா வைத்தியநாத ஐயர் கையிலதான் அந்தப் பாட்டுக்கு இந்த மெருகு ஏறுச்சுன்னு சங்கீத உலகமே சொல்லுது. தீட்சிதர் இறந்து ஒம்பது வருஷம் கழிச்சுப் பிறந்தவர் அவர்.

சங்கதி சேத்தது தப்புன்னு நான் சொல்லவே இல்ல. அந்தச் சங்கதிகள் அற்புதம். நான் சொல்றது வேற. பரம்பரை பாட்டை அப்படியே பாதுகாத்துத் தரும்ங்கிறது பொய். பரம்பரை பாட்டை மாத்தித்தான் தரும். அதுதான் அதோட பலம். கொரெல்லி அடாஜியோவுல 1700-க்கும் 1710-க்கும் நடுவுல நடந்த அதே விஷயம்தான் வாதாபிக்கும் நடந்திருக்கு. அங்க அதைப் பத்திக் கேள்வி கேட்டா ஆராய்ச்சி. இங்க கேட்டா குருநிந்தையா?

இன்னொரு உதாரணம் இதைவிட ருசியானது. தீட்சிதர் அந்தக் காலத்து ஐரோப்பிய மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்யம் எழுதினார். நோட்டுஸ்வரம்னு சொல்றோம். 'ஸந்ததம் பாஹிமாம்' வேற எதுவும் இல்ல, பிரிட்டிஷ் தேசிய கீதத்தோட மெட்டு. லண்டன்ல 1740-களோட நடுவுல, ஹாண்டெல் இருந்தப்பவே அச்சான மெட்டு அது. ஆக, பரோக் காலத்து மெட்டு ஒண்ணை எப்படிப் பாடணும்ங்கிற கேள்வி நம்ம வீட்டுக்குள்ளயே இருக்கு. சங்கராபரண ஸ்வரங்கள்தானேன்னு காந்தாரத்துல நல்லா ஒரு கம்பிதம் போட்டுப் பாடிப் பாருங்க. மெட்டோட எலும்பே காணாமப் போயிடும். இந்த வகைப் பாட்டுக்கு நேரா நிக்கிற ஸ்வரம்தான் வேணும். எந்தப் பாட்டுக்கு எந்த அளவு அலங்காரம்ங்கிறதை அந்தப் பாட்டு பிறந்த இடத்தை வச்சுத்தான் சொல்ல முடியும். இதுதான் அந்த ஐரோப்பிய கோஷ்டி கத்துற விஷயம். வேற ஒண்ணும் இல்ல.

பழைய வயலின் எவ்வளவு பழசு?

இப்ப எதிர்க் கோஷ்டிக்கு. "1700-ல செஞ்ச வயலின், அதனால 1700-ஓட சத்தம்"னு அள்ளி விடறாங்க. ஸ்ட்ராடிவாரி செஞ்ச வயலின்கள்ல கிட்டத்தட்ட எல்லாத்துக்கும் பிற்காலத்துல கழுத்தை மாத்தி, சாய்வைக் கூட்டி, உள்ள ஓடுற மரச்சட்டத்தை கனமாக்கிட்டாங்க. பழைய உடம்பு, புது எலும்பு. உண்மையான பழைய அமைப்பு வேணும்னா அதைத் திரும்ப மாத்தணும், இல்லாட்டி புதுசா நகல் செய்யணும். அதாவது, பழைய அமைப்புல இருக்கிற கருவி பெரும்பாலும் போன அம்பது வருஷத்துல பட்டறையில உருவானது.

ஸ்ருதிக்கும் அதே கதை. பரோக் ஸ்ருதின்னா 415-னு சட்டம் மாதிரி சொல்வாங்க. அந்தக் காலத்துல ஊருக்கு ஒரு ஸ்ருதி. பிரான்ஸ்ல 390-ஐ ஒட்டி, ஜெர்மன் சர்ச் ஆர்கன்ல 460-ஐத் தாண்டி, வெனிஸ்ல 440 பக்கம். அப்ப 415 எங்கேர்ந்து வந்துச்சு?

```
440 / 2^(1/12) = 415.30
```

இன்னிக்கு இருக்கிற 440-லேர்ந்து சரியா ஒரு அரை ஸ்வரம் கீழ. ஹார்ப்சிகார்ட்ல கட்டை வரிசையை ஒரு கட்டை நகத்திட்டா ரெண்டு ஸ்ருதிக்கும் ஒரே பெட்டி போதும். வரலாறு கொஞ்சம், வசதி நிறைய. வசதி தப்பில்ல. அதை வேதவாக்காக்குறதுதான் தப்பு.

அப்ப பழைய கருவியால பிரயோஜனமே இல்லையா? இருக்கு. ஆனா காரணம் வயசு இல்ல. கருவி எதைச் சுலபமாக்குது, எதைக் கஷ்டமாக்குதுங்கிறதுதான் விஷயம். ஆட்டுக்குடல்ல முறுக்கின கம்பியில, வெளிப்பக்கம் வளைஞ்ச பழைய வில்லால இழுத்தா சத்தம் சட்டுனு பிறந்து சீக்கிரம் தேயும். ஒவ்வொரு ஸ்வரமும் ஒரு சொல் மாதிரி தனியா விழும். பத்தொன்பதாம் நூற்றாண்டு வில்லுல நீளமா, சமமா இழுக்கலாம். கொரெல்லியோட வாக்கியங்கள் குட்டிக் குட்டியா ஏன் இருக்குன்னு பழைய வில்லைப் பிடிச்சா கைக்கே புரிஞ்சுடும்.

நம்ம ஊர் ஆளுங்களுக்கு இது தெரியாத விஷயமா என்ன? நாகஸ்வரத்துல திமிரி, பாரின்னு ரெண்டு உண்டே. திமிரி குட்டை, ஸ்ருதி உசத்தி. பாரி நீளம், ஸ்ருதி கீழ. பாரியை நிலைநிறுத்தினவர் டி.என்.ராஜரத்தினம் பிள்ளை. அந்த கனமான நாதத்துல ஆற அமர ராகம் வாசிக்கிற பாணியும் கூடவே நிலைச்சுது. கருவி மாறினா இசையோட குணம் மாறும்னு நாகஸ்வரக்காரருக்குத் தெரியும். அதையே கொரெல்லிக்குச் சொன்னா நம்மாளு சிரிக்கிறார்!

நாடியும் நடையும்

கடைசியா வேகம். பழைய கருவிக்காரங்க எல்லாத்தையும் விரட்டி விரட்டி வாசிக்கிறாங்கன்னு ஒரு குற்றச்சாட்டு. பாக்கோட மத்தேயு பாடுகள் ஞாபகமா எழுதின பெரிய படைப்பு ஒண்ணு இருக்கு. அதோட முதல் கோரஸை ஓட்டோ கிளெம்பரர் 1960-களோட தொடக்கத்துல பதிவு பண்ணப்ப 12 நிமிஷத்தை ஒட்டி வந்துச்சு. ஜான் எலியட் கார்டினர் 1980-களோட கடைசியில பண்ணப்ப 7 நிமிஷம் சொச்சம். ஒரே பாட்டு, ஒரே ஸ்வரம்!

எது சரி? தாளத்தைப் பாருங்க. பன்னிரண்டு-எட்டு. நம்ம பாஷையில நாலு தட்டு, ஒவ்வொண்ணுக்குள்ளயும் திஸ்ர நடை. கிளெம்பரர் வேகத்துல கேட்டா பன்னிரண்டும் தனித்தனி அடியா கனத்து விழும். கார்டினர் வேகத்துல நாலு தட்டு தெரியும், நடை உள்ள ஓடும். தாளம் போட்டுக்கிட்டே கேளுங்க. உங்க கை தானா பன்னிரண்டு போடுதா, நாலு போடுதா? நாலுன்னு எழுதி வச்ச பாட்டுக்கு கை பன்னிரண்டு போட்டா, வேகம் எங்கயோ நடையை முழுங்கிடுச்சுன்னு அர்த்தம். என் ஓட்டு கார்டினருக்கு. ஆனா கிளெம்பரர் பதிவுல இருக்கிற துக்கம் போலின்னு யாராவது சொன்னா சண்டைக்கு வருவேன்.

பழைய புத்தகம் வேகத்துக்கு எண்ணே கொடுக்குது. பிரஷ்ய ராஜா சபையில புல்லாங்குழல் வித்வானா இருந்த க்வான்ட்ஸ் 1752-ல எழுதினது. நல்லா சாப்பிட்டு, உற்சாகமா இருக்கிற ஆளோட நாடியைப் பிடி, நிமிஷத்துக்கு 80 துடிப்புன்னு வச்சுக்கோங்கிறார். (மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் நம்ம ஆளுங்க நாடி என்ன காட்டும்னு தெரியாதா! :-)) நாலு தட்டு தாளத்துல ரொம்ப வேகமான அல்லெக்ரோவுக்கு ஒரு ஆவர்த்தம் ரெண்டு துடிப்பு. அல்லெக்ரெட்டோவுக்கு நாலு. பாடற மாதிரி வர்ற அடாஜியோவுக்கு எட்டு. ரொம்ப மெதுவான அடாஜியோவுக்கு பதினாறு. கணக்குப் போட்டா ஆவர்த்தத்துக்கு ஒன்றரை, மூணு, ஆறு, பன்னிரண்டு விநாடி. ஒவ்வொரு படியிலயும் சரியா ரெட்டிப்பு. பார்த்தீங்களா? நம்ம முதல் காலம், ரெண்டாம் காலம், மூணாம் காலம் மாதிரியேதான்!

ஆனா இதைத் தூக்கிட்டு எல்லா இடத்துக்கும் ஓடக்கூடாது. இதை விறைப்பா அளக்கச் சொல்லலைன்னு க்வான்ட்ஸே சொல்லிட்டார். அவர் எழுதினது பெர்லின் ரசனை. அதை அம்பது வருஷம் முந்தின ரோம் நகரத்துக் கொரெல்லி மேல அப்படியே போடறது, இன்னிக்கு மேடைக் கச்சேரி வேகத்தை வச்சு தீட்சிதரை அளக்கற மாதிரி.

அப்ப என்னதான் சொல்ல வர்றே?

ரிச்சர்ட் டாருஸ்கின்னு ஒரு அமெரிக்க இசை அறிஞர் இந்த இயக்கத்தை போட்டுத் தாக்கினார். 1995-ல 'டெக்ஸ்ட் அண்ட் ஆக்ட்'னு தொகுப்பாவும் வந்துச்சு. சாராம்சம் இதுதான்: நீங்க பதினெட்டாம் நூற்றாண்டை மீட்கலை. வேகம், சுத்தம், உணர்ச்சியைக் குறைச்சுப் பேசறதுன்னு இருபதாம் நூற்றாண்டு ரசனைக்கு பழைய சட்டை மாட்டி விடறீங்க. பாதிக்கு மேல நான் ஒத்துக்கறேன். 'அசல்'ங்கிற வார்த்தையை அந்தக் கோஷ்டியே மெல்ல மெல்லக் கைவிட்டு, "வரலாறு தெரிஞ்சு வாசிக்கிறோம்"னு அடக்கி வாசிக்க ஆரம்பிச்சதுல டாருஸ்கின் குத்துக்கும் பங்கு உண்டு.

ஆனா வார்த்தை தோத்துச்சுன்னு வேலை தோக்கலை. கொரெல்லி தாள் இன்னமும் பாதிதான் எழுதியிருக்கு. நெளிகோட்டுக்குள்ள எத்தனை அசைவுன்னு இன்னமும் யாராவது முடிவு பண்ணித்தான் ஆகணும். ஆதாரத்தைப் பார்த்துட்டு முடிவு பண்ணலாம், பார்க்காமலும் முடிவு பண்ணலாம். பார்க்காம முடிவு பண்றதுக்கு 'பரம்பரை'ன்னு பட்டுச் சட்டை போடாதீங்க, அவ்வளவுதான்.

வித்வான்கள்கிட்ட நான் கேக்கறது ரொம்பச் சின்ன விஷயம். தீட்சிதர் கிருதி பாடறதுக்கு முன்னாடி ஒரு வரி சொல்லுங்க: இது இன்னார்கிட்ட நான் கத்துக்கிட்ட பாடம், பிரதர்சினியில இது இப்படி இருக்கு. ரெண்டையும் பாடினா இன்னும் சந்தோஷம். அச்சுல இருக்கிறதை யாருமே பாடலைன்னா, இன்னும் ரெண்டு தலைமுறையில அந்தக் குறியீட்டுக்கு எந்தக் காதும் சாட்சி சொல்லாது. அதுக்கப்புறம் கொரெல்லிக்கு ஐரோப்பாக்காரன் பண்ற அதே தோண்டுற வேலையை நம்ம பேரப்பிள்ளைங்க தீட்சிதருக்குப் பண்ணணும். அப்பவும் யாராவது ஒருத்தர் "நமக்குத்தான் பரம்பரை இருக்கே"ன்னு சொல்லிட்டுத்தான் இருப்பார்.

பி.கு: மகா வைத்தியநாத ஐயர் ரசிகர்கள் ஆட்டோ அனுப்பறதுக்கு முன்னாடி பதிவை இன்னொரு தடவை படிச்சுடுங்க. சங்கதி வேண்டாம்னு நான் எங்கயும் சொல்லலை. பின்னூட்டத்துல கும்மி அடிக்கலாம், ஆனா பிரதர்சினியைத் திறந்து வச்சுக்கிட்டு அடிங்க :-)